ராயக்கோட்டையில் நின்ற ரயில்

ஓசூரில் மின்சாரச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் காவேரிக்கு வேலை. பாலக்கோட்டுப் பெண். இருப்பிடம் பெண்கள் விடுதி. அங்கே இரவு ஏழரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். தாமதமானால் பூட்டுவதற்கு முன்பே வார்டன் வெங்கடம்மாளிடம் செல்போனில் அனுமதி கேட்டாக வேண்டும். பூட்டிய பிறகு வரும் செய்தியை அவர் படிப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து திரும்பும்போது ராயக்கோட்டையில் பாசஞ்சர் நின்றது. எஞ்சின் கோளாறு. டிரைவர் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

காவேரி மன்னிப்பு, சாமி சத்தியம் எல்லாம் சேர்த்து நீளமாக அடித்தாள். விஷயத்துக்கு வருவதற்குள் செய்தியில் இடம் தீர்ந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘டிரெயின் லேட் மேடம்’ என்று மட்டும் ஆங்கில எழுத்தில் அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. ‘யாரு? எந்த டிரெயின்? எங்க நிக்குது? யார் கூட வர்ற?’

வார்டனைச் சொல்லிக் குற்றமில்லை. சினிமாவுக்குப் போனவர்களுக்கும் அந்த விடுதியில் ரயில்தான் தாமதமாகும். காவேரி பிளாட்பாரத்தின் ஓரத்துக்கு நடந்து, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று மறுபடி எழுதினாள்.

‘காவேரி, ரூம் 12. சேலம் பாசஞ்சர், ராயக்கோட்டையில நிக்குது. எஞ்சின் ரிப்பேர், வேற எஞ்சின் வரணுமாம். 9 மணிக்குள்ள வந்துடுவேன். கார்டியன் சுபாஷ் மாமா ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வருவாரு. பர்மிஷன் குடுங்க மேடம்.’

வெங்கடம்மாள் முதலில் ஓசூர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். “ஆமாங்க, ராயக்கோட்டையிலதான் நிக்குது” என்றார்கள். அடுத்து, விடுதியில் சேரும்போது காவேரி கொடுத்திருந்த எண்ணில் சுபாஷைப் பிடித்தார். “ஸ்டேஷன்லதான் இருக்கறன் மேடம். நானே கூட்டியாந்து விட்டுடறன்” என்றார் அவர்.

அதன் பிறகே காவேரிக்குப் பதில் போனது. ‘சரி. வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன். மாமா கையெழுத்து போடணும். சாப்பாடு எடுத்து வெக்கிறோம்.’

ஒன்பதுக்குச் சற்று முன்பு இருவரும் கேட்டுக்கு வந்தார்கள். சுபாஷ் கையெழுத்துப் போட்டார். வெங்கடம்மாள் காவேரியை ஏற இறங்கப் பார்த்தார்.

“எஞ்சின்ல என்ன கோளாறு?”

“தெரியலீங்க மேடம். டிரைவருக்கே தெரியலீங்க.”

“சரி, போய்ச் சாப்புடு. சாம்பார் ஆறிப்போச்சு.”

மறுநாள் காவேரி அனுப்பிய செய்தி தாளில் எழுதப்பட்டு அறிவிப்புப் பலகையில் தொங்கியது. ‘தாமதமாக வருவோர் இவ்வளவு விவரமும் எழுத வேண்டும்’ என்று வெங்கடம்மாள் கீழே குறிப்பும் போட்டிருந்தார். காவேரிக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வார்டனுக்கு விடுதிப் பெண்கள் நான்கு பேரிடமிருந்து செய்தி வந்தது. நால்வரின் ரயிலும் ராயக்கோட்டையில் எஞ்சின் கோளாறாகி நின்றிருந்தது. அவர்களில் பூங்கொடியின் ஊர் பேரிகை. அந்த ஊருக்கு ரயிலே கிடையாது.