ஆலம்பரைக் கோட்டைக்கு வானம் வைத்தது

2003 ஆகஸ்டில் செங்கல்பட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் உள்ளறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஜன்னல் இல்லாத அறை. ஏசி கணினிகளுக்காக ஓடியது, எங்களுக்காக அல்ல. வேலைக்குச் சேரும்போது என் ஒரிஜினல் சான்றிதழ்களை முதலாளி வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தார். அப்போது அது வழக்கம்தான். சென்னையில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஒரிஜினல்களோடு வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை முதலாளியிடம் கேட்டேன்.

"கடப்பாக்கம் லாட்ஜ்காரர் வேலைய முடிச்சுக் குடு தம்பி. அவரு ஓகேன்னு சொன்னா சனிக்கிழமை எட்துக்கினு போ."

லாட்ஜ்காரர் கொடுத்தது கடலோரத்து ஆலம்பரைக் கோட்டையின் படம். அந்தி மங்கிய பிறகு எடுத்தது. இடிந்த சுவர் கறுப்பு, அதற்கு மேலே வானமும் வெறும் கறுப்பு. விளம்பரத் தாளுக்கு அந்த வானம் நிறைய நட்சத்திரம் வேண்டுமாம்.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். படத்தில் பொடிப் புள்ளிகளைத் தூவும் நாய்ஸ் ஃபில்டரைப் போட்டு, கறுப்பு வெள்ளை மாறுபாட்டை ஏற்றினேன். லாட்ஜ்காரர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னாபா இது? ரவைய கொட்னா மாரி கீது."

"கம்மி பண்ணவா சார்?"

"கம்மி வேணாம். நெறைய வேணும். ஆனா ரவையா இருக்கக் கூடாது."

கணினியின் பிரஷ்ஷால் புள்ளிகளைத் தெளித்துப் பார்த்தேன். ஒரே கொத்து திரும்பத் திரும்ப வந்து சேலைப் பார்டர் போல ஆனது. அவர் சிரித்தார், முதலாளி சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வீட்டிலிருந்து ஒரு பழைய அறிவியல் இதழை எடுத்துப் போனேன். அதிலிருந்த வானத்தின் படத்தை, நெகட்டிவ் பார்க்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் தவறு புரிந்தது. நான் எல்லாப் புள்ளியையும் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில், ஒரே நெருக்கத்தில் வைத்திருந்தேன். இதழில் இருந்த வானத்திலோ பெரும்பாலான நட்சத்திரங்கள் இருக்கின்றனவா இல்லையா என்று சந்தேகப்படும்படி மங்கலாக இருந்தன. நன்றாக மின்னியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஓரிடத்தில் கூட்டம், பக்கத்திலேயே காலி.

அதன்படி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்குகளாகச் செய்தேன். அடியில், நாய்ஸைக் கொஞ்சம் மங்கலாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் கறுப்பை ஏற்றினேன். பெரும்பாலான புள்ளிகள் மூழ்கிப் போக, மிஞ்சியவை வேறுவேறு வெளிச்சத்தில் நின்றன. அதன் மேல் சற்றே பெரிதான, எண்ணிக்கையில் குறைந்த ஓர் அடுக்கு. கடைசியாகச் சில நட்சத்திரங்களைக் கையால் வைத்தேன். ஒன்றிரண்டுக்கு லேசான நீலம், ஒன்றுக்கு மஞ்சள். மேகம் போல ஒரு மாஸ்க், அதாவது மறைப்பு, போட்டு, சில இடங்களில் அடர்த்தியாகவும் சில இடங்களில் வெறுமையாகவும் ஆக்கினேன். கடலை நெருங்க நெருங்க மங்க வைத்தேன். சுவரின் மேல் ஒரு புள்ளிகூட விழாமல் ஓரத்தை வெட்டினேன்.

பிறகு ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லாததால், அடுக்குகளை எல்லாம் ஒன்றாக்கிச் சேமித்து, அச்சுக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் மாதிரி அச்சு வந்தது. கறுப்பு வானத்தில் நான் கையால் வைத்தவை மட்டும் இருந்தன.

"நட்சத்திரம் எங்க போச்சு?" என்றார் லாட்ஜ்காரர்.

பக்கத்து அறையில் ஸ்கேன் வேலை பார்த்த நண்பன்தான் மெதுவாக வாயைத் திறந்தான்.

"மச்சான், அது நட்சத்திரமாடா? நான் தூசின்னு நெனச்சுக் கிளீன் பண்ணிட்டேன்."

நெகட்டிவில் தூசி ஒட்டியிருந்தால், ஸ்கேன் செய்யும்போது வெள்ளைப் புள்ளியாக விழும். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு படத்திலும் அதைத் துடைப்பது அவன் வேலை. பெரியதை விட்டுவிட்டு, பொடியை எல்லாம் துடைத்துவிட்டு, அதன் மேலேயே சேமித்திருந்தான்.

"முந்தாநேத்து நான் போட்ட ரவையையும் நீ பாத்தியே, அத மட்டும் ஏண்டா துடைக்கல?" என்றேன்.

"அத பாத்தாலே நீ போட்டதுன்னு தெரிஞ்சுதே!"

கோபப்படவும் முடியவில்லை. அடுக்குகள் என்னிடம் இல்லை. முதலிலிருந்து செய்ய வேண்டும். லாட்ஜ்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார். அதே அறை, அதே ஏசி. இரண்டாம் தடவை கை வேகமாக ஓடியது. நண்பன் பாவம், டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிறு மாலை லாட்ஜ்காரர் அச்சைக் கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணாத்த, நெஜமாவே அங்க நின்னு எட்த்த மாரி கீது," என்று முதலாளியிடம் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "கூட்டாளி ஒர்த்தன் முட்டுக்காட்டுல கீறான். படகு ஓட்ற எடம். அவனுக்கும் இதே வானம் வேணுமாம்."

முதலாளி கவரைப் பிரித்து, படங்களை என் கீபோர்டு மேல் வைத்தார். எல்லாம் இருட்டு.

"சார், நாளைக்கு நான் மெட்ராஸ்ல..."

"இத யாரு செய்வா தம்பி? உன்ன வுட்டா இங்க யாருக்குத் தெரியும்?" அவர் குரலில் அன்புதான் இருந்தது. "இந்த ஒண்ணு முடிச்சுட்டுப் போ."

டிராயர் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் முதல் படத்தை ஸ்கேன் செய்து திறந்து, நாய்ஸ் அடுக்கைப் போட்டேன்.