‘இல்லை’ என்று அழுத்திய விரல்

எங்கள் ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் அறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அங்கே இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் லைன் அக்கா. பக்கத்து நாற்காலி என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்ன ஒரே விதி: "நாமளா முதல்ல போனை வைக்கக் கூடாது. அந்தப் பக்கம் உயிர் போயிட்டு இருக்கலாம்."

அந்த விதியைத்தான் ஒருவன் அவர் கழுத்தில் சுருக்காகப் போட்டான்.

அன்று அவருக்கு விடுமுறை. காலை பத்தரைக்கு அழைப்பு வந்தது. பேங்கின் பாதுகாப்புப் பிரிவு என்றான். இன்னொருவன் குறுக்கே வந்து போலீஸ் என்றான். உங்கள் கணக்கு வழியாகத் திருட்டுப் பணம் போயிருக்கிறது, இப்போதே ‘பத்திரமான கணக்கு’க்கு மாற்றாவிட்டால் கைது, வீட்டில் யாரிடம் சொன்னாலும் அவரும் குற்றவாளி. மூன்று மணி நேரம். அக்கா வைக்கவே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அக்காவுக்குக் காதில் விழுந்ததெல்லாம் பேய்.

பதினொன்று பத்துக்கு ஒரு தொகை, பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அதைவிடப் பெரிய தொகை. இரண்டாவது முறை பேங்கின் ஆப் கேட்டது: ‘இந்தப் பணத்தை அனுப்பும்படி யாராவது உங்களைத் தூண்டுகிறார்களா?’ ‘இல்லைன்னு அழுத்துங்கம்மா’ என்றான். அழுத்தினார். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், அவருடைய இடுப்பு ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் அத்தனையும் அது.

மறுநாள் காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஒன்றும் நடக்காததுபோல வந்தார். தேநீர் இடைவேளையில்தான், பத்தரைக்கு, வாயைத் திறந்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நேத்தே ஏன்க்கா சொல்லல?"

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்னடி?"

இந்தப் பழமொழியை மட்டும் இந்த விஷயத்தில் யாரும் நம்பாதீர்கள். நான் உடனே அவருடைய கார்டின் பின்பக்கத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்து அவர் கையில் கொடுத்தேன். அவன் அழைத்த எண்ணுக்கு அல்ல. பிறகு இருவரும் அனுமதி வாங்கிக்கொண்டு பேங்குக்கு ஓடினோம்.

புகார் மேசையில் இருந்த அதிகாரியம்மா கடுகடுப்பானவர். ஆனாலும் வேலையைத் தெரிந்தவர். பணம் போன நேரம், பரிவர்த்தனை எண், போய்ச் சேர்ந்த கணக்கு, அழைத்தவன் எண் எல்லாவற்றையும் கேட்டு, அந்தக் கணக்கு இருக்கும் பேங்குக்கு அதை முடக்கச் சொல்லித் தகவல் அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. அவன் சொல்லி ஏதாவது ஆப் போட்டீங்களா?"

"இல்லம்மா."

"பாஸ்வேர்டை மாத்துங்க. இங்கிருந்து நேரா போலீஸுக்குப் போங்க, புகார் நம்பரைக் கொண்டு வாங்க. பணத்தை மீட்டுத் தர்றேன், கட்டணம் கட்டுங்கன்னு ஒருத்தன் கூப்பிடுவான். அவனும் இவங்க ஆளுதான்."

"பணம் திரும்பி வருமா?" என்று கேட்டார் அக்கா.

அதிகாரியம்மா பேனாவை மூடினார். "கார்டைத் திருடி எவனோ எடுத்திருந்தா வேற கதை. இது நீங்களே, உங்க பாஸ்வேர்டைப் போட்டு அனுப்பினது. மிரட்டினான்னு எழுதுங்க, கண்டிப்பா எழுதுங்க, அதையும் பார்ப்பாங்க. அனுப்பும்போது ஆப்புல எச்சரிக்கை வந்துச்சா?"

நான் அக்காவின் காலை மிதித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொய் சொல்லட்டும் என்றுதான் மிதித்தேன்.

"வந்துச்சு. இல்லைன்னு அழுத்தினேன்," என்றார் அக்கா.

"உண்மையைச் சொன்னது நல்லது. அது எப்படியும் பதிவுல இருக்கும். மாத்திச் சொல்லியிருந்தா உங்க வார்த்தை எதையும் நம்ப மாட்டாங்க."

நாலாம் நாள் அதிகாரியம்மா அழைத்தார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டார், தனியாகக் கேட்கப் பயந்து.

"முதல் தொகை இருபது நிமிஷத்துல கைமாறிப் போச்சு. ரெண்டாவது, பெரிய தொகை, அந்தக் கணக்குலயே ராத்திரி முழுக்க இருந்திருக்கு. மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்குத்தான் எடுத்திருக்காங்க."

ஒன்பது நாற்பதுக்கு அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவரைக் கண் பிரிவுக்கு இணைத்துக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் கழித்து பேங்கிலிருந்து கடிதம் வந்தது. வாடிக்கையாளரே அனுமதித்த பரிவர்த்தனை, எச்சரிக்கை தரப்பட்டது, ஈடு தர இயலாது. ஏற்கவில்லை என்றால் குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். செய்வோம் என்றேன். "எழுதுடி, கையெழுத்துப் போடறேன்," என்றார். குரலில் உயிரில்லை. மாமாவுக்கு இன்னும் தெரியாது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் ஆபரேஷனுக்கு நாள் எண்ணி, நாள்காட்டியில் தேதிகளை அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த மதியம் அக்கா தானே அறுவை சிகிச்சைப் பிரிவை அழைத்தார். அந்தப் பக்கம் குரலைக் கண்டுகொண்டு, "சொல்லுங்க லைன் அக்கா, யாரைக் குடுக்கறீங்க?" என்றார்கள்.

"யாரையும் குடுக்கலம்மா. நான் பேஷண்ட் வீட்டுல இருந்து பேசறேன். திங்கட்கிழமை இடுப்பு ஆபரேஷன் ஒண்ணு இருக்குல்ல, அந்தத் தேதியை வேற யாருக்காவது குடுத்துடுங்க."