அளவுக் கொப்பியில் இல்லாத அளவு

கூடப் பிறந்த மூத்தவர், என் நானாவுக்குத் தைப்பதென்றால் எப்போதும் துணி கூடுதலாக வேண்டும். தில்லையடியில் வீட்டோடு மெஷின் போட்டு இருபது வருடத்துக்கு மேலாகத் தைக்கிறேன். அவரைப்போல ஓர் உடம்பை இன்றுவரை அளந்ததில்லை. இரண்டு கைகளையும் விரித்து நிற்கச் சொன்னால், ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனிவரை அவருடைய உயரத்தைவிட நாலு அங்குலம் கூட வரும். முதல் தடவை, டேப் இழுபட்டுவிட்டது என்று நினைத்துப் புது டேப் வாங்கி வந்து மறுபடி அளந்தேன். அதே நாலு அங்குலம்.

புத்தளம் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் அவருக்கு வேலை. அந்தக் கடையின் ஏணி சும்மா சுவரில் சாய்ந்தே கிடந்தது. மேல் தட்டில் இருக்கும் குழாயோ பெயின்ட் டின்னோ, நானா எட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார். பள்ளிவாசலில் பல்பு போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வாப்பாவின் தம்பி, சாச்சா, அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "எங்கட குடும்பத்தில அரபு ரத்தம் இருக்கு." நாங்கள் மற்ற எல்லோரும் அலுமாரியின் மேல் தட்டுக்குக் கதிரை போட்டு ஏறுகிறவர்கள். அந்த அரபு ரத்தம் அத்தனை தலைமுறையும் எங்கே ஒளிந்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பெருமையாக இருந்தது.

அவர் மௌத்தானபோது முப்பத்தெட்டு வயது. காலையில் கடைக்குப் போனவரை ஒரு மணித்தியாலத்தில் ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். இரண்டு தோளுக்கும் நடுவே கையை எட்ட முயன்றுகொண்டு, "முதுகு கிழியுது தங்கச்சி, யாரோ பிடிச்சுக் கிழிக்கிற மாதிரி இருக்கு," என்றார். வேர்வை கொட்டியது. நான் வாயு என்று முடிவெடுத்து, கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்துக் கொடுத்தேன். மதினி முதுகில் எண்ணெய் தேய்த்தார். இப்படி முக்கால் மணித்தியாலத்தைத் தின்றுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். உள்ளே கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

திடீர் மரணம் என்பதால் போஸ்மாட்டம் செய்ய வேண்டும் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மதினி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். மையித்தை வெட்டுவதா? அஸர் தொழுகையோடு அடக்க வேண்டாமா? சாச்சா யார் யாருக்கோ போன் எடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: இவருக்கு முன்பே ஏதும் வருத்தம் இருந்ததா, மருந்து எடுத்தவரா? எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது நான் முந்திக்கொண்டேன்.

"ஓம் சேர். ஹார்ட் வருத்தம் இருந்தது. கனகாலமா மருந்து குடிச்சவர்."

என் நானா பனடோல்கூடக் குடிக்காத மனிதர். அந்த வாக்குமூலத்தில் கையெழுத்தும் வைத்தேன். மாரடைப்பு என்று எழுதி உடலைத் தந்தார்கள். மையித்தைச் சுற்றும் கபன் துணிக்கு வழமையைவிட ஒரு கஜம் கூட்டி வாங்கச் சொன்னதும் நான்தான். அளவு எனக்கு மனப்பாடம். அஸருக்குப் பிறகு அடக்கினோம். சாச்சா எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார், நேரத்துக்கு வாய் திறந்த பிள்ளை என்று. ஒன்பது வருடம் அதை நான் செய்த நல்ல காரியமாகவே நினைத்திருந்தேன்.

நானாவுக்கு ஒரே பிள்ளை, மகள். வாப்பா போகும்போது ஆறு வயது, இப்போது பதினைந்து. வகுப்பில் எல்லோரையும்விடத் தலை ஒன்று உயரம். பள்ளிக்கூட வொலிபோல் அணியில் அவள் வலைக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினாலே எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நம்பிக்கை போய்விடும். மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். விளையாட்டுக் காற்சட்டை மறுபடி கட்டையாகிவிட்டது என்று ஒரு பின்னேரம் என்னிடம் வந்தாள். நான் கால் அளந்துகொண்டிருக்க, அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்துக்குள் மூன்று கண்ணாடி மாற்றியதால் கண் கிளினிக்குக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே நடந்ததைச் சிரிப்பாகச் சொன்னாள்.

"கண்ணுக்கு மருந்து விட்டுப் பாத்திட்டு, உள்ளுக்குள்ள லென்ஸ் மேல விலகியிருக்காம் மாமி. பிறகு டொக்டர் என்ட கைய எடுத்து வெச்சு விளையாடுறார். பெருவிரல உள்ளுக்கு வெச்சுப் பொத்தச் சொன்னார். பாருங்க." பொத்திய கையின் மறுபக்கத்தில் பெருவிரல் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள். பெருவிரலும் சுண்டுவிரலும் சந்தித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் விட்டன. "வாப்பா எப்பிடி மௌத்தானாரென்டும் கேட்டார். உம்மா சொன்னா, வாயு வந்து நெஞ்சடைச்சு என்டு."

டேப் என் கையில் அப்படியே நின்றது. "வேற என்ன சொன்னார்?"

"ஒரு கடிதம் தந்தார். ஹார்ட் கிளினிக்குக்கு. அதுவரைக்கும் விளையாட வேணாமாம்." குரல் இறங்கியது. "உம்மா அலுமாரியில வெச்சிட்டா. மெச் முடிஞ்சு பாப்போம் என்டா. நானும் ஒன்டும் கதைக்கல்ல."

அவளைக் கைகளை விரித்து நிற்கச் சொன்னேன். உயரம் அறுபத்தொன்பது அங்குலம். விரல் நுனிக்கு விரல் நுனி எழுபத்து மூன்று. அளவுக் கொப்பியில் எழுதும்போது, நானாவின் பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தேவையே இருக்கவில்லை.

அன்றே மதினியிடம் போனேன். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை, பயந்தவர். "பொம்பிளப் புள்ளட பேர்ல ஹார்ட் கிளினிக் கொப்பி ஒன்டு போட்டா, நாளைக்கு யார் மச்சி, பொண்ணு கேட்டு வருவாங்க? கண்ணுக்குக் கண்ணாடி போட்டாச்சு. உயரம் அவட வாப்பாட உயரம். இதுக்கெல்லாமா ஹார்ட் டொக்டர்?"

"அவட வாப்பாட உயரம்தான் மதினி. அவர் எப்பிடிப் போனார் என்டு உங்களுக்குத் தெரியுமா?"

"வாயு வந்து நெஞ்சடைச்சது. மாரடைப்பு என்டு ஆஸ்பத்திரியில எழுதியும் தந்தாங்க."

"ஹார்ட் வருத்தம் இருந்தது என்டு நான் பொய் சொல்லித்தான் அப்பிடி எழுதினாங்க. நீங்க அப்ப கீழ கிடந்தீங்க, கேட்டிருக்க மாட்டீங்க. அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததா யாருக்கும் தெரியாது. வெட்டாம எடுக்கணும் என்டுதான் அப்பிடிச் சொன்னேன். அவருக்கு முதுகு கிழிஞ்சது மதினி, வயிறு உப்பல்ல. கண் டொக்டர் கேட்டதுக்கு அந்த முதுகு நோவைத்தான் நாங்க சொல்லியிருக்கணும்."

மதினி என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, மடித்து வைத்த சாரிகளுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார். "நீங்களும் வாங்க," என்றார்.

மாகாணப் போட்டி நடந்த வாரத்தில் நாங்கள் மூவரும் கொழும்பில், இதயக் கிளினிக்கின் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை வழியெல்லாம் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எக்கோ அறையில் அவளைச் சரித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கருவியை வைத்து அழுத்தித் திரையைப் பார்த்தார்கள். சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. பரிசோதித்த டொக்டர் அம்மா ஓரிடத்தில் படத்தை நிறுத்தி, திரையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு கோடு போட்டார். அளவெடுக்கிறார் என்று எனக்கு விளங்கியது. அதையே மூன்று தரம் செய்தார். நானும் சந்தேகம் வந்தால் மூன்று தரம் அளக்கிறவள்தான். அதனால் அவர் வாய் திறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெயர் மார்ஃபன் என்றார். உடம்பின் உறுப்புகளை எல்லாம் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிற இழை ஒன்று இருக்கிறதாம். பிறவியிலேயே அது பலவீனமாக இருக்கும். அதனால் எலும்பு நீளமாக வளர்கிறது, கண்ணின் லென்ஸ் இடம் விலகுகிறது. ஆபத்து அங்கே இல்லை. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாயின் சுவரிலும் அதே இழைதான். இடுப்புப் பட்டியின் இலாஸ்டிக் தளர்கிற மாதிரி, அடிவாரத்தில் அந்தக் குழாய் மெதுவாக அகலும். அகலும்போது நோகாது, மூச்சு வாங்காது, பிள்ளை ஓடும், பாயும். ஒருநாள் சுவர் உள்ளே கிழியும். அப்போதுதான் முதன்முதலாக வலிக்கும்.

"அதுக்காகத்தான் நோகாத காலத்திலேயே அளக்கிறது," என்றார். அவளுடைய குழாய் இருக்க வேண்டியதைவிட அகலம், ஆனால் ஒப்பரேஷன் செய்கிற எல்லைக்கு இன்னும் வரவில்லை. சுவரில் இரத்தம் மோதும் வேகத்தைக் குறைக்க ஒவ்வொரு நாளும் குளிசை. ஆறு மாதத்தில் மறுபடி எக்கோ. எல்லையை நெருங்கினால், கிழியுமுன்பே அந்தத் துண்டை மாற்றிவிடலாம். வொலிபோல் இனி இல்லை, பாரம் தூக்குவதும் இல்லை, நடக்கலாம். நாளைக்குக் கலியாணமாகிப் பிள்ளை பெற நினைத்தால், அதற்கு முன்பே வந்து கேட்க வேண்டும். எனக்கும் ஓர் எக்கோ எடுக்கச் சொன்னார், கூடப் பிறந்தவள் என்பதால். பிறகு எடுத்தேன், எனக்கு ஒன்றும் இல்லை. சில குடும்பங்களில் இது ஒருவரிடம் புதிதாகத் தொடங்குமாம். அவர் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பிள்ளை அதுவரை அழவில்லை. "வாப்பாவுக்கும் இதா இருந்தது?" என்றாள்.

"இருந்திருக்கும் என்டு நினைக்கிறேன், மகள். ஆனா நிச்சயமாச் சொல்ல ஏலாது. அந்த நேரம் போஸ்மாட்டம் செஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். உங்களையும் ஆறு வயசிலேயே பாக்கத் தொடங்கியிருக்கலாம்."

அது யாரையும் குற்றம் சொன்ன குரல் இல்லை. எனக்கு வேறொருவர் சொல்லத் தேவையும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மதினி தூங்கிவிட்டார். சிலாபம் தாண்டியதும் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: கொத்தமல்லி, அதிகாரியின் கேள்வி, நான் சொன்ன பொய், என் கையெழுத்து. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீளமான கால்களை முன் சீட்டுக்குப் பின்னால் மடக்க முடியாமல் மடக்கியிருந்தாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் என் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. அழுதேன். அவள் செய்ததில் பிழை இல்லை என்று தெரிந்துகொண்டே அழுதேன்.

போன மாதம் இரண்டாவது எக்கோ. மதினியோடு போய் வந்துவிட்டு அடுத்த நாள் தானாகவே வந்தாள், புதுப் பள்ளிச் சீருடைக்குத் துணியோடு. ஒன்றும் கேட்காமல் கைகளை விரித்து நின்றாள். நான் அளந்து, கொப்பியில் அவளுடைய பக்கத்தில் எழுதினேன். உயரத்தில் அரை அங்குலம் கூடியிருந்தது.

"இதையும் எழுதுங்க," என்று கிளினிக் கொப்பியைத் திறந்து காட்டினாள். குழாயின் அகலம் போன தடவை இருந்த அதே மில்லிமீட்டர், கூடவில்லை. நெஞ்சளவுக்குக் கீழே எழுதினேன். அவள் என் கையிலிருந்து கொப்பியை வாங்கி, பின்பக்கமாகப் புரட்டி, அவளுடைய வாப்பாவின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். கை, கால், கழுத்து, நெஞ்சு, எல்லா அளவும் என் கையெழுத்தில் அப்படியே இருந்தன. நெஞ்சளவுக்குக் கீழே இருந்த வெறும் இடத்தில் விரலை வைத்தாள்.

"இதிலயும் எழுதுங்க மாமி."

"அளவு தெரியாதே மகள்."

"அதை எழுதுங்க."

பேனையை எடுத்து எழுதினேன்: பார்க்கவில்லை.