வெப்பநிலை மிக அதிகம்

துர்காதேவி தன் கையால் ஒரு போனைக்கூடக் கழற்றியவள் இல்லை. ஆனாலும் திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவள் புருஷன் பிரபாகர் நடத்திய ரிப்பேர் கடையின் வீடியோக்களை ஊர் ஊராக ரிப்பேர்காரர்கள் தேடிப் பார்த்தார்கள் என்றால், அதற்கு அவள்தான் காரணம். பிரபாகருக்குக் கை ஓடும், வாய் ஓடாது. போர்டைக் கேமராவுக்குக் காட்டி, இதை எடுக்கணும், அதை வைக்கணும் என்று முடித்துவிடுவான். அந்த அரைகுறை ஊமைப் படத்தை யார் தேடி வருவார்கள்? வருகிறவன் கண்ணில் படும்படி வீடியோவுக்குக் கீழே விவரம் எழுதுவது துர்காவின் வேலை.

அதில் அவள் கெட்டிக்காரி. தமிழ்நாட்டு எல்லையோரம் நகரியில் விசைத்தறி வீட்டில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. போனுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, முதுகில் ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் நம்பர் வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் நம்பர் மாறினால் உள்ளே போர்டே மாறும் என்று புருஷனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நம்பரை நடுவில் கோடு போட்டும் போடாமலும் இரண்டு விதமாக எழுதுவாள், ஜனங்கள் இரண்டு விதமாகவும் தேடுவதால். மலைக்குப் போகிறவர்கள் கொண்டுவரும் போனில் கன்னடம், தமிழ், தெலுங்கு என்று எல்லாப் பாஷையிலும் எர்ரர் மெசேஜ் வரும். அதைத் திரையில் உள்ளபடியே, ஒரு எழுத்து மாறாமல் எடுத்துப் போடுவாள். கடைசியில் தேவையான சாமான்கள்: மல்டிமீட்டர், ஹாட் ஏர், ட்வீசர், ஃபிளக்ஸ். பிரபாகர் அதையெல்லாம் ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. பெண்டாட்டி சமையலில் உப்பு பார்க்காத புருஷன் மாதிரி அவ்வளவு நம்பிக்கை.

அந்த வருஷம் கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். இடித்த பிறகு வீடியோவை நம்பித்தான் பிழைக்க வேண்டும். எப்படியாவது பார்க்கிறவர்களைக் கூட்ட வேண்டும் என்று துர்கா தவித்தாள். அப்போது பிரபாகர் போட்டது ஒரு சின்ன வீடியோ. மழையில் நனைந்த போனில், "சார்ஜிங் நிறுத்தப்பட்டது, பேட்டரி வெப்பநிலை மிகக் குறைவு" என்று வரும். பேட்டரியின் சூட்டைச் சொல்லும் சென்சார் துருப்பிடித்து, பொய்யாகக் குளிர் என்று சொல்லும். சென்சாரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் போதும். அதன் பிறகு போனுக்கு எப்போதும் இருபத்தைந்து டிகிரிதான். பேசாமல் சார்ஜ் ஏறும். அதே மாதிரி சென்சாரை வாங்கி மாற்றுவதுதான் முறை. இது அவசரத்துக்குச் செய்கிற குறுக்குவழி.

சித்திரை வெயிலில் குளிர் என்று எந்தப் போன் சொல்லும்? ஜனங்கள் தேடும் சொற்களின் பட்டியலைத் துர்கா பார்த்தாள். "பேட்டரி வெப்பநிலை மிக அதிகம்" என்றுதான் அத்தனை பேரும் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மெசேஜையும் ஒரே சென்சார்தான் கொடுக்கிறது என்று பிரபாகர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. குறைவு என்ற வரிக்குக் கீழே அதிகம் என்ற வரியையும் சேர்த்தாள், மூன்று பாஷையில். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அந்த வீடியோ மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போனது. அன்று இரண்டு பேரும் சித்தூர் வரை போய் அவள் தம்பி வீட்டில் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அக்கினி நட்சத்திரம் முடியும் சமயம், ஒரு மனிதர் கடைக்கு வந்தார். பெயர் வேதாச்சலம். கங்காதர நெல்லூரில் சின்னதாக ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பிரபாகரின் வீடியோ பார்த்தே பாதித் தொழிலைக் கற்றவர். பெண்டாட்டி ரத்னம்மாவை இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். அவர் ரிப்பேர் செய்து கொடுத்த போனை ஒரு மத்தியானம் சார்ஜில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பேட்டரி வெடித்து, தட்டிவிடப் போன வலது கை வெந்துபோயிற்று. ஜாக்கெட் தைக்கிற கை. விரல்கள் மடங்குமா என்பதை டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

அவர் சண்டைக்கு வரவில்லை. அதுதான் கொடுமை. கருகிய போர்டை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"நீங்க காட்டினா மாதிரியேதான் பண்ணேன் தம்பி. எங்க தப்பு பண்ணேன்னு பார்த்து சொல்லுங்க. எம்மாமியார் ஊட்ல என்னத் திட்டிக்கினு இருக்காங்க. அது பரவால்ல. எனக்குத் தெரிஞ்சிக்கணும்."

பிரபாகர் லென்ஸைப் போட்டு வெகுநேரம் பார்த்தான். வேலை சுத்தம், ரெசிஸ்டரும் சரியானதுதான் என்றான். பிறகு, போனில் என்ன மெசேஜ் வந்தது என்று கேட்டான். வெப்பநிலை அதிகம் என்று வந்தது, பேட்டரியும் கொஞ்சம் உப்பியிருந்தது என்றார் வேதாச்சலம். பிரபாகருக்கு முகம் மாறிவிட்டது.

"அதிகம்னு வந்தா இத பண்ணக்கூடாதே அண்ணா. அது பொய் சொல்லல, நெஜம் சொல்லுது. சென்சார எடுத்துட்டா எவ்ளோ சூடானாலும் சார்ஜ் நிக்காது, மெசேஜும் வராது. பேட்டரியத்தான் மாத்தணும். யார் சொன்னாங்க உங்களுக்கு?"

வேதாச்சலம் தன் போனை எடுத்து, வீடியோவுக்குக் கீழே இருந்ததைத் தொட்டுக் காட்டினார். பிரபாகர் முதல்முறையாக அந்த விவரத்தைப் படித்தான். மாடல் நம்பர்கள், மெசேஜ்கள், சாமான்கள். படித்துவிட்டுத் துர்காவைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் லென்ஸைக் கழற்றி வைத்தான்.

அவள் எழுந்து வந்து, அந்த வரியை எழுதியது தான்தான், தன் புருஷனுக்குத் தெரியாது என்று சொன்னாள்.

"அப்போ என் வேலையில தப்பில்ல" என்றார் வேதாச்சலம். சந்தோஷமாகச் சொல்ல வந்தவர், பாதியிலேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கருகிய போர்டை எடுக்காமலே போய்விட்டார்.

அன்றே வீடியோவை எடுத்துவிட்டார்கள். அந்த வரியும் அதோடு தொலைந்தது என்று துர்கா நினைத்தாள். சந்தேகத்துக்கு அந்த மெசேஜைத் தானே தேடிப் பார்த்தாள். முன்பின் தெரியாத யார் யாரோ அதே குறுக்குவழியைத் தங்கள் கையால் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழே விவரம் மட்டும் அவளுடையது. அதே நம்பர்கள், கோடு போட்டும் போடாமலும். அதே மூன்று பாஷை. அவள் எழுத்தை அப்படியே வழித்து எடுத்துப் போட்டிருந்தார்கள். கைக்குழந்தையை ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது; யாரிடம் போய்க் கேட்பது?

கட்டடம் இடிந்தது. பிரபாகர் இப்போது இன்னொருவர் கடையில் வேலைக்குப் போகிறான். வீடியோ எடுப்பதில்லை. ரத்னம்மாவுக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. துர்கா இரண்டு முறை கங்காதர நெல்லூர் போய் வந்தாள். ரத்னம்மா காப்பி கொடுத்தாள், இடது கையால். மூன்றாம் முறை போகத் துர்காவுக்குத் தைரியம் வரவில்லை.

வெயில் ஏறுகிற மாசங்களில் அவளுக்கு ஒரே வேலைதான். சமையல் முடிந்ததும் போனை எடுத்து, அந்த மெசேஜைத் தேடி, வருகிற ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே எழுதுகிறாள்: "மிக அதிகம் என்று வந்தால் இதைச் செய்யாதீர்கள். பேட்டரியை மாற்றுங்கள். ஒரு பெண்ணின் கை வெந்துபோனது." சிலர் அழித்துவிடுகிறார்கள். பல பேர் கண்டுகொள்வதில்லை. அவள் மறுபடி எழுதுகிறாள்.

போன வாரம் ஒருவன் பதில் போட்டிருந்தான். ராமகுப்பம் பக்கத்துப் பையன் போலிருந்தது, மரியாதையாகத்தான் எழுதியிருந்தான்.

"பயப்படாதீங்கக்கா. எங்க அம்மா போனுக்குப் பண்ணிட்டேன். மெசேஜ் வரவே இல்ல."

துர்கா உடனே எழுதினாள், அதைச் சார்ஜில் போடாதே என்று, தமிழிலும் தெலுங்கிலும். அதற்கு அப்புறம் அவனிடமிருந்து எதுவும் வரவில்லை.