மங்ராவின் ஐந்து கிலோ

கும்லா மலையடியில், பிர்ஸ்முனியின் புருஷன் மங்ரா இறந்து இரண்டு வருஷமாகியும் அவன் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. அவன் பங்கு ஐந்து கிலோ அரிசியைப் பானையில் கொட்டும்போதெல்லாம், தூரதேசத்திலிருந்து அவனே அனுப்புவதுபோல் அவளுக்குத் தோன்றும்.

பனி மூடிய ஒரு காலையில் ரேஷன் கடைக்குப் புதிதாக வந்திருந்த சுசாந்தி சொன்னாள்: "கார்டுல இருக்கற எல்லாரும் மெஷின்ல விரல் வைக்கணும்க்கா. மங்ராவைக் கூட்டிட்டு வா."

"அவரு சூரத்துல வேலைக்கு..." என்று பொய்யைத் தொடங்கிய பிர்ஸ்முனி நிறுத்தினாள். பனிக்குள் யாரோ நடந்து போவதுபோல் இருந்தது.

"அவரு வரமாட்டாரு," என்றாள். "இறப்புச் சான்று வச்சிருக்கேன். பேரை எடுக்க மனு எழுதிக் குடு."

அடுத்த மாதம் அவளுக்கும் மகளுக்குமாகப் பத்து கிலோதான் வந்தது. வழிநெடுக அழுதாள். வீடு சேர்ந்தபோது மனசு லேசாகியிருந்தது.