பதினாறு மில்லி

குழந்தைகள் மருத்துவமனையின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் அவள். நர்ஸ்கள் வைத்த பெயர் புள்ளி அக்கா. பயிற்சிக்கு வந்த முதல் வருஷம், யாரோ அவசரத்தில் ‘.5’ என்று கிறுக்கியதை இன்னொருவர் ஐந்து என்று படித்துவிட்டார். மருந்து குழந்தையின் வாய்க்குப் போவதற்கு முன்னால் எப்படியோ தடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பூஜ்யம் போடாமல் புள்ளி வைத்ததில்லை. முழு எண்ணுக்குப் பின்னால் ‘5.0’ என்று புள்ளி வைத்ததும் இல்லை; அது ஐம்பதாகிவிடும். அடுத்தவர் சீட்டில் அப்படி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். டாக்டர் முகம் சுளித்தாலும் சரி.

அவள் கணவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தான்; அங்கேயே உயிர் போய்விட்டது. மூன்று வாரம் லீவு. நாத்தனார் வந்து வீட்டில் தங்கிக்கொண்டாள். “ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுங்க அண்ணி, நெஞ்சுல வச்சுக்காதீங்க,” என்று தினமும் சொன்னாள். அழக்கூடாது என்று அவளுக்கு வைராக்கியம் ஒன்றும் இல்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். உள்ளே கையை விட்டுத் துழாவினால் மரத்துப்போன ஈறு மாதிரி இருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்றே டாக்டர் கூப்பிட்டார்.

“நீங்க இல்லாதப்போ ஒரு விஷயம் நடந்துச்சும்மா. காய்ச்சல் சிரப் புதுசா வந்திருக்கு. பழசுல அஞ்சு மில்லிக்கு நூத்தி இருபது மில்லிகிராம். இதுல இருநூத்தி அம்பது. அட்டை ரெண்டும் ஒரே மாதிரி. ஒம்பது கிலோ குழந்தைக்குப் பழைய கணக்குல நாலரை மில்லி குடுத்துட்டாங்க.”

அவள் மனம் தானாகவே பெருக்கியது. இருநூற்றிருபத்தைந்து மில்லிகிராம். கிலோவுக்கு இருபத்தைந்து. பதினைந்தைத் தாண்டவே கூடாது.

“குழந்தை?”

“ஒரு வேளைதான். வச்சுப் பார்த்தோம், ஒண்ணும் ஆகல. ஆனா ஆளாளுக்கு நின்ன இடத்துல பெருக்கிட்டு இருக்கிறது இனி வேணாம். எடைப்படி அட்டவணை ஒண்ணு போடுங்க. கிலோவுக்கு எவ்வளவுன்னு என் குறிப்பு எல்லாம் இதுல இருக்கு.” ஓரம் மடங்கிய நோட்டு ஒன்றை நீட்டினார்.

மருந்தறையின் உள்மேஜையில் உட்கார்ந்து தொடங்கினாள். நான்கு முதல் ஆறு கிலோ, ஆறு முதல் எட்டு, எட்டு முதல் பத்து என்று எடை வரிசைகள். மேலே சிரப்பின் பெயர், அதற்குக் கீழேயே ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பது. காய்ச்சல் சிரப் பழசுக்கும் புதுசுக்கும் தனித்தனிப் பத்தி. எட்டு முதல் பத்து கிலோவுக்குப் பழசில் 4.5 மில்லி, புதுசில் 2 மில்லி. பென்சில் தன்பாட்டில் ஓடியது. கை வேலை செய்தது. ஆள் அங்கே இருந்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மதியத்துக்குள் ஆறு சிரப் முடிந்தது. சரிபார்க்க வார்டு நர்ஸ் வந்தாள். வாயாடி, ஆனால் கண் கத்தி. ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக்கொண்டு வந்தவள், அமாக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி சிரப்பில் நின்றாள்.

“அக்கா, பத்து கிலோவுக்குப் பதினாறு மில்லியா?”

“ஆமா.”

“ஒரு நாளைக்கா?”

“ஒரு வேளைக்கு. மூணு வேளை.”

நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “அறுபது மில்லி பாட்டில் அக்கா. நாளைக்கு நாப்பத்தெட்டு மில்லின்னா மறுநாள் காலையிலேயே பாட்டில் காலி. அஞ்சு நாளைக்கு நாம என்ன, குடத்துலயா குடுக்கிறது?”

நோட்டைத் திறந்து பார்த்தார்கள். ‘40 மி.கி./கிலோ, 3 வேளை’ என்றுதான் இருந்தது. நாற்பது ஒரு நாளைக்கா, ஒவ்வொரு வேளைக்குமா என்று எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சிரப்பை எடுத்துக் கொடுத்தவள் அவள். அது ஒரு நாள் முழுவதற்குமான அளவு, மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தெரிந்தும் நாற்பதைப் பத்தால் பெருக்கி, ஒரு மில்லிக்கு இருபத்தைந்து என்று வகுத்து, பதினாறு என்று அழகாக எழுதியிருந்தாள். மூன்று மடங்கு.

வியர்க்கும், கை நடுங்கும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. அதுதான் அவளைத் துணுக்குறச் செய்தது. துணுக்குறல்கூட எங்கோ பக்கத்து அறையில் நடப்பது போல இருந்தது.

தாளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, நர்ஸையும் கூட்டிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனாள்.

“நான் தப்பாப் போட்டுட்டேன் டாக்டர். இவ பார்க்கலைன்னா சுவத்துல ஒட்டியிருப்போம்.”

டாக்டர் படித்தார். நோட்டையும் பார்த்தார். “நாள்னு நானும் எழுதலையே. என் தப்பும்தான் இது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னும் பத்து நாள் லீவு எடுத்துக்கோங்கம்மா,” என்றார்.

“வீட்ல இருந்தா இன்னும் மோசம் டாக்டர். வேலைக்கு வரேன். ஆனா என் கையெழுத்தை மட்டும் நம்பி எதுவும் வெளிய போக வேணாம். எனக்கு இப்போ பயம் வர மாட்டேங்குது. பயம் இல்லாதவ மருந்து அளக்கக் கூடாது.”

டாக்டர் நோட்டில் நாற்பதுக்குப் பக்கத்தில் ‘ஒரு நாளைக்கு’ என்று எழுதினார். “சரி. இனி எல்லாத்துக்கும் ரெண்டு கையெழுத்து. உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்.”

அட்டவணையை முதலிலிருந்து போட்டாள். இந்த முறை ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் இரண்டு சின்னக் கட்டங்கள். வரிசையிலேயே லேசான குழந்தைக்கு அந்த மில்லி கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது, கனமான குழந்தைக்கு எவ்வளவு ஆகிறது என்று திருப்பி வகுத்துப் பார்க்க. இரண்டும் மருந்தளவுப் புத்தகத்தில் உள்ள வரம்புக்குள் விழுந்தால்தான் அந்த வரிசை நிற்கும். புதுக் காய்ச்சல் சிரப் 2 மில்லி என்றால் நூறு மில்லிகிராம்; எட்டு கிலோவுக்குப் பன்னிரண்டரை, பத்து கிலோவுக்குப் பத்து. வரம்பு பத்து முதல் பதினைந்து. நின்றது. அமாக்ஸிசிலின் வேளைக்கு 5 மில்லி, மூன்று வேளையும் சேர்த்து முந்நூற்றெழுபத்தைந்து மில்லிகிராம்; எட்டு கிலோவுக்கு நாளைக்கு நாற்பத்தேழு, பத்து கிலோவுக்கு முப்பத்தேழரை. வரம்பு இருபத்தைந்து முதல் ஐம்பது. நின்றது. ‘ஒரு வேளைக்கு’, ‘ஒரு நாளைக்கு’ என்பதை ஒவ்வொரு பத்தியின் தலையிலும் தடித்த எழுத்தில் போட்டாள். குறிப்பும் புத்தகமும் ஒத்துப்போகாத இருமல் சிரப்பில் எண்ணே எழுதவில்லை. ‘டாக்டரைக் கேட்கவும்’ என்று விட்டுவிட்டாள்.

மூன்று நாள் ஆயிற்று. நர்ஸ் திருப்பி வகுத்தாள், டாக்டர் புத்தகத்தை வைத்து வரம்பைப் பார்த்தார், மூவரும் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்கள். அட்டவணை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏறியது. பக்கத்து மூன்று மருத்துவமனைகள் நகல் கேட்டு வாங்கிக்கொண்டன. டாக்டர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவள் தலையாட்டினாள். பிறகு ஜன்னலில் நீண்டிருந்த அடுத்த சீட்டை வாங்கிப் படித்தாள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஒரு சிரப் வேறு அடர்த்தியில் வந்தது. பழைய பத்தியை அடித்துவிட்டுப் புதிதாகப் போட உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் ஒரு எண் வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்னக்கா, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?” என்றாள் நர்ஸ்.

“பயந்துட்டேன்டி,” என்றாள் அவள்.

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வரிசையை அரை மில்லி குறைத்து, இரண்டு பேருமாகத் திருப்பி வகுத்தார்கள்.