பதினெட்டுக் கண்மருந்துப் போத்தல்கள்

அறுபதுகளில் நான் அக்கராயன் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க மருந்தகத்தில் மருந்து கொடுப்பவனாக இருந்தேன். எனக்கு மேலே அப்போதிக்கரி ஐயா ஒருவர். அவர் நோயாளியைப் பார்த்து மருந்துத் துண்டு எழுதுவார். நான் யன்னலுக்குள்ளால் மருந்தைக் கொடுத்துவிட்டு, பேர், ஊர், மருந்து என்று கொப்பியில் பதிவேன். என்னைப்போல ஒழுங்கானவன் அந்த மாவட்டத்திலேயே இல்லை என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தை எனக்குள் வைத்திருக்கவும் எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலை கொழும்பிலிருந்து தந்தி வந்தது. 417ஆம் தொகுதிக் கண்மருந்தைக் கொடுப்பதை நிறுத்து, கொடுத்ததைத் திரும்பப் பெற்று அனுப்பு, எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை மீண்டது என்று அறிவி. செய்த இடத்தில் காரம் பலமடங்கு கூடிவிட்டதாம். கண் வெந்துபோகும்.

அப்போதிக்கரி ஐயா கதிரையில் இருந்து வியர்த்தார். நான் வியர்க்கவில்லை. பெட்டி வந்த நாளிலேயே தொகுதி இலக்கத்தை இருப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தேன். முந்தி வந்தது முந்திப் போகவேண்டும் என்று 416 முடிந்த பிறகுதான் 417ஐ உடைத்தேன். உடைத்த திகதியும் அதில் இருந்தது, ஒரு திங்கட்கிழமை. ஆகவே அந்தத் திங்கட்கிழமை தொடக்கம் கண்மருந்து வாங்கியவர்கள் அத்தனை பேரும் 417 வாங்கியவர்கள். பெட்டியில் இருபத்துநாலு. தட்டில் மிச்சம் ஆறு. கொப்பியில் எண்ணினால் சரியாகப் பதினெட்டுப் பேர். எனக்குப் பெருமையில் தலை கால் தெரியவில்லை.

பதினெட்டாவது பேர் ஸ்கந்தபுரத்து அக்கா ஒருவருடையது. தனியாக ஒரு கடலைத் தோட்டம் வைத்திருந்தவர். சின்ன வயதில் அம்மை வந்து ஒரு கண் போய்விட்டது. இருந்த மற்றக் கண் சிவந்திருக்கிறது என்றுதான் மூன்று நாளைக்கு முதல் வந்திருந்தார். "எத்தினை தரம் விடவேணும் தம்பி?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போனார்.

எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். "நாளைக்கு மூண்டு தரம். எரியும். எரிஞ்சாலும் விடாமல் விடுங்கோ."

"முதல்ல அந்த அக்காவிட்டைப் போ," என்றார் ஐயா. "அவாக்கு இருக்கிறது ஒரு கண்."

"வரிசையாப் போனால்தான் அறிக்கை பிசகாது ஐயா. அவா கடைசியா வாங்கினவா. கனக்க விட்டிருக்க மாட்டா." இதைச் சொன்னவன் நான். ஐயா சண்டைக்கு வராத மனிதர்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலாம் பேர்க்காரரின் வீட்டுக்குப் போனேன். அவர் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து போத்தலை எடுத்தார். மூடி உடைக்கவேயில்லை.

"கண் சுகமோ?"

"கண்ணுக்கு ஒண்டுமில்லைத் தம்பி. பஸ்ஸுக்கு வந்தனான், பஸ் வரேல்லை. சும்மா நிக்கிற நேரத்திலை ஒரு மருந்து வாங்கி வைப்பமெண்டு வாங்கினது."

நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஆனால் போத்தலைத் தர அவருக்கு மனம் வரவில்லை. "அரசாங்கம் திருப்பிக் கேக்குதெண்டால் இது நல்ல மருந்தாக்கும்," என்று கையைப் பின்னால் கொண்டுபோனார். கண் அவிந்துபோகும் என்று சொன்னேன். "அப்ப பக்கத்துக் காணிக்காரனுக்குக் குடுக்கலாம்," என்று சிரித்தார். பறித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது, ஐந்தாவது, ஒன்பதாவது பேர்கள் மூன்று ஊர்களில் இருந்தன. மூன்றுமே ஒரு ஆள்தான். ஆளுக்கு ஒரு போத்தல்தான் கொடுப்பேன் என்பதால் தன் பேரிலும், மாமியார் பேரிலும், போன வருசம் செத்துப்போன தமையன் பேரிலும் வாங்கியிருந்தார். ஒரே தட்டில் மூன்றையும் அடுக்கி வைத்திருந்தார். இரண்டாவது பேருக்காக அவரிடம் போனபோது ஒன்றைத்தான் தந்தார். வரிசைப்படி ஐந்தாவது பேரைத் தேடி ஏழு கட்டை தூரம் ஓடி, அப்படி ஒரு ஆள் அங்கே இல்லை, அது அவருடைய மாமியாரின் பேர் என்று அறிந்து, திரும்பி வந்து அதே படலையைத் தட்டினேன். ஒன்பதாவதுக்கும் அப்படியே. "இதையும் அப்பவே கேட்டிருக்கலாமே தம்பி," என்றார். என் வாயில் வந்ததை எழுத முடியாது.

ஒரு வீட்டில் போத்தல் சாமிப்படத்தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொரு வீட்டில் மருந்தை ஊற்றிவிட்டுப் போத்தலில் தையல் மெசின் எண்ணெய் வைத்திருந்தார்கள். லேபிளில் 417 இருந்தது, அதையும் வாங்கிக்கொண்டேன். ஒருவர் தந்ததில் 416 இருந்தது. அது நல்லது, மற்றதைத் தாருங்கள் என்றால், "நல்லதைத் தந்தாலும் ஏசுறியள்," என்றார். ஒரு கமக்காரர் மாட்டின் கண்ணுக்கு விட்டிருந்தார். ஒரு சொட்டோடு மாடு அவரைத் தூக்கி எறிந்ததாம். பதினெட்டுப் பேரிலும் மருந்தின் குணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது அந்த மாடுதான்.

மாலைக்குள் பதினேழும் கைக்கு வந்தன. ஒரு மனிதக் கண்ணிலும் ஒரு சொட்டும் விழவில்லை. கொழும்பு காப்பாற்ற நினைத்த சனத்தை அதன் சோம்பலே காப்பாற்றிவிட்டது. இத்தனை வருசமாக யன்னலுக்குள்ளால் நான் கொடுத்த மருந்தெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யோசிக்க அழுகை வந்தது. ஒருவராவது என் சொல்லைக் கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

நினைத்ததும் கால் பெடலில் நின்றுவிட்டது. வரிசை பார்த்து ஓடியதில் அன்று இரண்டு தரம் அந்த அக்காவின் வீட்டு ஒழுங்கையைக் கடந்து போயிருந்தேன். இரண்டு தரமும் அவருடைய முறை வரவில்லை என்று திரும்பிப் பார்க்காமல் போனேன்.

நான் போனபோது அவர் முற்றத்தில் நிலத்தைத் தடவிக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கண் இமை பப்பாசிப் பழம்போல வீங்கியிருந்தது. என் குரல் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"சொன்னபடி விடுறன் தம்பி. நல்லா எரியுது. விடாமல்தான் விடுறன்."

போத்தல் குசினி அடுப்புக்கட்டின் மேலே இருந்தது. கால்வாசி முடிந்திருந்தது. அவரை இருத்தி, குடத்துத் தண்ணீரை எடுத்துக் கண்ணைக் கழுவினேன். குடம் முடியும்வரை கழுவினேன். மருந்து பிழை அக்கா, உங்களில் பிழை இல்லை, நான் காலையிலேயே வந்திருக்க வேணும் என்று சொன்னேன். "நீங்கள் தந்த மருந்து எப்பிடிப் பிழைக்கும்?" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பக்கத்துக் காணிக்காரரின் டிராக்டர் பெட்டியில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் கண்ணைக் கட்டினார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் முடிந்திருக்கும் என்றார். அறிக்கை எழுதினேன். வந்தது இருபத்துநாலு, இருப்பு ஆறு, மீண்டது பதினெட்டு. ஒழுங்கான வேலை என்று கொழும்பிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. கிழித்தெறிய எனக்குத் தைரியம் இல்லை, கடிதக் கோவையில் போட்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு அக்கா மருந்தகத்துக்கு வந்தார். கருவிழியின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. நடுப்பகுதி தப்பிவிட்டது, பார்வை இருந்தது. கையில் டொக்டரின் துண்டு, வேறு ஒரு கண்மருந்து எழுதியிருந்தது. நான் தொகுதி இலக்கத்தைப் பெட்டியில் பார்த்தேன், போத்தலிலும் பார்த்தேன், அதை அவருடைய பேருக்கு நேரே கொப்பியில் எழுதினேன். மருந்து கொடுத்த கொப்பியில் நான் எழுதிய முதல் தொகுதி இலக்கம் அது. போத்தலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

யன்னல் கம்பிகளுக்கு இடையில் முகத்தை வைத்து, கண்ணை விரலால் விரித்துப் பிடித்தார். "முதல் சொட்டை நீங்களே விடுங்கோ தம்பி. நான் விட்டால் பிழைச்சுப்போம்."

மூடியைத் திறந்து, கம்பிகளுக்கு ஊடாகப் போத்தலைச் சாய்த்தேன். சொட்டு அவருடைய கன்னத்தில் விழுந்து வழிந்தது.

"பரவாயில்லை," என்றார், கண்ணை மூடாமலே. "இன்னொருக்கால் விடுங்கோ."